சி.ஆர்.பி. ஏறுகிறது, புரோகால்சிடோனின் இறங்குகிறது: எதை நம்புவது?

கவிதா (பட்டர்வொர்த்), புதன் இரவு

வணக்கம். அம்மாவுக்கு 67 வயது, பல ஆண்டுகளாக இனிப்பு நீர். திங்கள் இரவு 11 மணி வாக்கில் திடீரென்று குளிர் நடுக்கம் கண்டது. இரண்டு போர்வை போர்த்தியும் கட்டில் ஆடும் அளவுக்கு நடுங்கினார். பின்னிரவு 2 மணிக்கு அவசரப் பிரிவில் சேர்த்தோம். சிறுநீர்த் தொற்று சிறுநீரகம் வரை ஏறி ரத்தத்திலும் கலந்திருக்கலாம் என்றார்கள். கல்ச்சருக்கு ரத்தம் எடுத்த கையோடு செஃப்ட்ரயாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசியும் போட்டார்கள்.

இதுவரை மூன்று முறை ரத்தம் பார்த்திருக்கிறார்கள். சேர்த்தபோது சி.ஆர்.பி. 14, புரோகால்சிடோனின் 2.1. செவ்வாய் மாலை 4 மணிக்கு 131, 41. இன்று புதன் காலை 7 மணிக்கு 226, 30.

அம்மா இன்று கஞ்சி குடித்தார், காய்ச்சல் 38க்குக் கீழே வந்துவிட்டது, ரத்த அழுத்தமும் சரியாக இருக்கிறது. வார்டு மருத்துவர் "நன்றாகத்தான் போகிறது" என்கிறார். ஆனால் என் அண்ணன், சி.ஆர்.பி. 14இலிருந்து 226க்குப் போயிருக்கிறது, மருந்து கேட்கவில்லை, தனியார் மருத்துவமனைக்கு மாற்றலாம் என்று பிடிவாதம் பிடிக்கிறார். ஒரே தொற்றை அளக்கும் இரண்டு சோதனைகள் எப்படி எதிரெதிர்த் திசையில் போக முடியும்?

கணேசன் (புக்கிட் மெர்தாஜாம்)

தங்கச்சி, கவலைப்படாதீர்கள். சி.ஆர்.பி. என்பது உடலில் எங்கு அழற்சி இருந்தாலும் ஏறும் பழைய சோதனை. கீல்வாதத்தில் ஏறும், விழுந்து அடிபட்டாலும் ஏறும். புரோகால்சிடோனின் பாக்டீரியாவுக்கு மட்டுமே ஏறும். அது இறங்கிவிட்டது என்றால் கிருமி செத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். சி.ஆர்.பி.யைப் பார்க்கவே வேண்டாம். அரசு மருத்துவமனைகள் இன்னும் ஏன் அதை எடுக்கின்றன என்பதே எனக்குப் புரியவில்லை.

சரோஜினி (பாயான் லெப்பாஸ்)

எனக்கும் போன மாதம் கொலஸ்டிரால் பரிசோதனையோடு சி.ஆர்.பி. எடுத்தார்கள். 2.8 வந்தது. மாரடைப்பு அபாயம் நடுத்தரம் என்று எழுதியிருந்தது. 226 என்றால் அம்மாவின் இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள் கவிதா. எக்கோ எடுத்தார்களா?

முத்துலெட்சுமி (ஜார்ஜ்டவுன், ஆய்வுக்கூடம்)

சரோஜினி, உங்களுக்கு எடுத்ததும் இதே புரதம்தான், கேள்விதான் வேறு. உடம்பு நன்றாக இருக்கும் ஒருவரிடம் 1க்கும் 3க்கும் உள்ள நுண்ணிய வேறுபாட்டை வைத்து இதய அபாயத்தைக் கணிக்க அதிநுண் முறையில் அளப்பார்கள். தொற்று இருக்கும்போது வரும் 226ஐ அந்த அட்டவணையில் வைத்துப் படிக்கவே கூடாது.

கவிதா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரண்டும் ஒரே தொற்றை அளக்கின்றன என்பதில்தான் சிக்கல். இரண்டுமே கிருமியை அளப்பதில்லை. கிருமிக்கு உடல் கொடுக்கும் இரண்டு வேறு பதில்களை அளக்கின்றன. அந்தப் பதில்கள் கிளம்பும் நேரமும் வேறு, ஓயும் நேரமும் வேறு.

சி.ஆர்.பி.யைச் செய்வது பெரும்பாலும் கல்லீரல். தொற்று நடக்கும் இடத்திலிருந்து இன்டர்லூக்கின்-6 என்ற செய்தி மூலக்கூறு கிளம்பி, கல்லீரலை எட்டி, கல்லீரல் புதிதாகப் புரதம் செய்து ரத்தத்தில் விட வேண்டும். அளவு தெளிவாக ஏறவே ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். உச்சத்தைத் தொட ஒன்றரை முதல் இரண்டு நாள். அம்மாவுக்கு நடுக்கம் கண்டது திங்கள் இரவு 11 மணி. முதல் ரத்தம் எடுத்தபோது மூன்று மணி நேரம்தான் ஆகியிருந்தது, அதனால் 14. இன்று காலை 7 மணி என்பது 32ஆவது மணி நேரம். மருந்து நன்றாகவே வேலை செய்தாலும் இந்த நேரத்தில் சி.ஆர்.பி. ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

புரோகால்சிடோனின் கதை வேறு. சாதாரண நாளில் இது தைராய்டில் உள்ள சி உயிரணுக்களில் உருவாகி, அங்கேயே வெட்டப்பட்டுக் கால்சிடோனின் ஆகிவிடும். ரத்தத்தில் கசிவது மிகக் குறைவு, 0.1க்கும் கீழே. பாக்டீரியாவின் நச்சு ரத்தத்தை எட்டும்போது கல்லீரல், நுரையீரல், கொழுப்புத் திசு என்று பல உறுப்புகளும் இதைச் செய்யத் தொடங்குகின்றன. தைராய்டில் உள்ள வெட்டிப் பதப்படுத்தும் ஏற்பாடு அவற்றிடம் இல்லை. செய்ததை அப்படியே ரத்தத்தில் கொட்டிவிடுகின்றன. தைராய்டு அகற்றப்பட்டவருக்கும் கடும் தொற்றில் இது ஏறுவதை 1993இலேயே கவனித்திருக்கிறார்கள். இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, ஒரு நாளுக்குள் உச்சத்துக்கு வந்துவிடும். அம்மாவின் 2.1 மூன்றாவது மணி நேரத்தில் வந்தது. அந்த நேரத்தில் சி.ஆர்.பி. மட்டும் பார்த்திருந்தால் 14 என்பது சாதாரணச் சளிக்காய்ச்சலுக்கும் வரக்கூடிய எண்.

41இலிருந்து 30க்கு இறங்கியது நல்ல அறிகுறி. நாளைக் காலை இது 15 வாக்கில் இருந்தால் மருந்து கேட்கிறது என்று நான் நம்புவேன். அண்ணனிடம் ஒரு நாள் பொறுக்கச் சொல்லுங்கள்.

ஹரிஷ் (கெப்போங்)

நான் மருந்தியல் மாணவன். ஒரு சந்தேகம். சி.ஆர்.பி.யின் அரை ஆயுள் சுமார் 19 மணி நேரம் என்றும் புரோகால்சிடோனினுக்குச் சுமார் 24 மணி நேரம் என்றும் படித்திருக்கிறேன். அப்படியென்றால் சி.ஆர்.பி.தானே முதலில் இறங்க வேண்டும்? எல்லோரும் அது மெதுவாக இறங்கும் என்கிறார்கள். கணக்கு இடிக்கிறதே.

முத்துலெட்சுமி (ஜார்ஜ்டவுன், ஆய்வுக்கூடம்)

தம்பி, நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். பலரும் இந்த இரண்டு எண்களையும் மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்துவிடுகிறார்கள்.

அடியில் ஓட்டை உள்ள தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். சி.ஆர்.பி.யைப் பொறுத்தவரை ஓட்டையின் அளவு மாறுவதே இல்லை. உடம்பு நன்றாக இருந்தாலும் நோயில் கிடந்தாலும் அதே 19 மணி நேரம்தான். ஆக, தொட்டியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதை முடிவு செய்வது மேலே உள்ள குழாய் மட்டுமே. அந்தக் குழாய் கல்லீரல். கிருமி இறந்த பிறகும் சிதைந்த திசுவை அப்புறப்படுத்தும் வேலை சிறுநீரகத்தில் நடந்துகொண்டிருக்கும். இன்டர்லூக்கின்-6 உடனே நின்றுவிடாது. குழாய் சற்றே மூடுமே தவிர முழுதும் அடைபடாது. அதனால் 19 மணி நேரத்தில் பாதியாக வேண்டியது, நடைமுறையில் இரண்டு நாள்கூட எடுத்துக்கொள்ளும்.

புரோகால்சிடோனினில் நச்சின் தூண்டுதல் நின்றதும் உற்பத்தியும் சட்டென்று நின்றுவிடுகிறது. குழாய் மூடிய பிறகு மிஞ்சுவது வெறும் வடிகால். அதனால்தான் அது கிட்டத்தட்ட நாளுக்குப் பாதியாகக் குறைகிறது. அரை ஆயுள் நீளமாக இருந்தும் முந்திக்கொண்டு இறங்குவதன் காரணம் இதுதான்.

தங்கராஜூ (பிரிக்பீல்ட்ஸ்)

என் கதையைக் கேளுங்கள். எனக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை நடந்தது. மூன்றாம் நாள் சி.ஆர்.பி. 170 என்றார்கள். கிருமி வந்துவிட்டது, மூட்டைத் திரும்பத் திறக்க வேண்டியிருக்குமோ என்று இரவெல்லாம் தூக்கம் இல்லை. அறுவை செய்த மருத்துவர் அசரவே இல்லை, ஆன்டிபயாடிக்கும் கொடுக்கவில்லை. எனக்குப் புரோகால்சிடோனின் எடுக்காமல் விட்டது தவறுதானே?

இளவேனில் (செந்தூல், மருத்துவர்)

ஐயா, உங்கள் மருத்துவர் செய்தது சரி. கத்தி பட்டாலே கல்லீரலுக்குச் செய்தி போய்விடும். அறுவைக்குப் பிறகு இரண்டாம் மூன்றாம் நாளில் சி.ஆர்.பி. உச்சத்தைத் தொடும், பிறகு தானாக இறங்கும். உங்களிடம் மூன்றாம் நாள் 170 வந்தது எதிர்பார்த்ததே. இறங்கத் தொடங்கிய பிறகு ஐந்தாம் ஆறாம் நாளில் மறுபடி தலைதூக்கினால்தான் கவலைப்பட வேண்டும். புரோகால்சிடோனின் எடுத்திருந்தாலும் பெரிய வெளிச்சம் கிடைத்திருக்காது. பெரிய அறுவைக்குப் பிறகு முதல் ஓரிரு நாள் அதுவும் கொஞ்சம் ஏறும். தவிர, மூட்டுக்குள் மட்டும் அடங்கிய தொற்றில் அது ஏறாமலே இருந்துவிடவும் கூடும்.

இந்தக் கடைசி வரியைக் கணேசன் அண்ணனுக்காகவும் சேர்த்தேன். "பாக்டீரியாவுக்கு மட்டும்" என்பதில் பாதி உண்மை இருக்கிறது. வைரஸ் தொற்றில் உருவாகும் இன்டர்ஃபெரான்-காமா புரோகால்சிடோனின் உற்பத்தியை அடக்குகிறது. அதனால்தான் பல வைரஸ் காய்ச்சல்களில் அது தாழ்ந்தே நிற்கிறது. ஆனால் கடுமையான தீக்காயம், பெரிய விபத்து, இதயம் தளர்ந்து வரும் அதிர்ச்சி நிலை ஆகியவற்றில் கிருமியே இல்லாமலும் ஏறும். மலேரியாவில் ஏறும், அது பாக்டீரியா அல்ல. பிறந்த குழந்தைக்கு முதல் இரண்டு நாள் இயல்பாகவே உயர்ந்திருக்கும்.

மறுபக்கம்தான் இன்னும் ஆபத்தானது. சீழ்க்கட்டி, எலும்புத் தொற்று போன்றவை ஓரிடத்தில் அடங்கிக் கிடக்கும்போது புரோகால்சிடோனின் 0.2, 0.3 என்று சாதுவாக நிற்கும், சி.ஆர்.பி. 150ஐத் தாண்டி நிற்கும். அப்போது சி.ஆர்.பி.யைப் பார்க்காமல் விட்டால் நோயாளியைத்தான் இழப்போம். அரசு மருத்துவமனைகள் அதை எடுப்பதற்குக் காரணம் உண்டு. விலை குறைவு, எந்த நேரத்திலும் கிடைக்கும், இன்னின்னார்க்கு இன்னது என்று எடுத்துப் படிக்கத் தெரிந்தால் நிறையச் சொல்லும்.

கணேசன் (புக்கிட் மெர்தாஜாம்)

டாக்டர், சீழ்க்கட்டி விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் என் அக்கா மகனுக்கு டிங்கி வந்தபோது புரோகால்சிடோனின் குறைவாக இருந்ததால் ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று சொன்னார்கள், அவனும் தேறினான். முதல் நாளே அதை எடுத்து, குறைவாக இருந்தால் மருந்தைத் தவிர்க்கலாம் என்பதுதானே இந்தச் சோதனையின் பயன்?

இளவேனில் (செந்தூல், மருத்துவர்)

ஆன்டிபயாடிக்கைத் தொடங்கலாமா என்ற கேள்விக்கு அதை நம்பும் துணிச்சல் எனக்கு இல்லை, அண்ணன். சளி, இருமலோடு நடந்து வரும் நோயாளி என்றால் 0.25க்குக் கீழே இருந்தால் பொறுத்துப் பார்க்கலாம் என்ற வழிமுறை உண்டு. அதிலும் ஐயம் இருந்தால் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் திரும்ப எடுக்க வேண்டும். ஆனால் கவிதாவின் அம்மாவைப் போல நடுங்கிக்கொண்டு, அழுத்தம் குறைந்து வருபவரிடம் முதல் எண்ணுக்குக் காத்திருக்கக் கூடாது. அவர் நடுக்கம் கண்ட ஒரு மணி நேரத்திலேயே வந்திருந்தால் புரோகால்சிடோனின் 0.2 என்றுகூட வந்திருக்கும். 2021இல் வெளிவந்த உலகளாவிய செப்சிஸ் வழிகாட்டியும், தொடங்குவதற்கு இதைத் துணையாகக் கொள்ள வேண்டாம் என்றே சொல்கிறது. நிறுத்துவதை முடிவு செய்யத்தான் இதைப் பயன்படுத்தச் சொல்கிறது.

உங்கள் அக்கா மகன் விஷயத்தில் டிங்கி என்பது வேறு சோதனையில் உறுதியாகியிருக்கும், பையனும் தெளிவாக இருந்திருப்பான். அந்தச் சூழலில் குறைந்த எண் மருத்துவரின் முடிவுக்கு வலு சேர்த்தது. எண் மட்டுமே முடிவு செய்யவில்லை.

கவிதா (பட்டர்வொர்த்), வெள்ளி இரவு

நேற்று வியாழன் காலை சி.ஆர்.பி. 208, புரோகால்சிடோனின் 14.6. முத்துலெட்சுமி அக்கா சொன்னபடியே வந்தது. ஆனாலும் அண்ணன் கேட்கவில்லை. நேற்று மாலையே அம்மாவைத் தனியார் மருத்துவமனைக்கு மாற்றிவிட்டார்.

இன்று காலை அங்கே எடுத்த அறிக்கையில் சி.ஆர்.பி. 12.9 என்று இருக்கிறது! ஒரே நாளில் 208இலிருந்து 12.9. புது மருத்துவமனையில் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று அண்ணனுக்கு ஒரே மகிழ்ச்சி. ஆனால் அவர்கள் கொடுப்பதும் அதே செஃப்ட்ரயாக்சோன்தான். புரோகால்சிடோனின் 7.2. கல்ச்சரில் ஈ.கோலை வளர்ந்திருக்கிறது, இந்த மருந்து அதற்குக் கேட்கும் என்று முடிவு வந்துவிட்டது.

முத்துலெட்சுமி (ஜார்ஜ்டவுன், ஆய்வுக்கூடம்)

கவிதா, அறிக்கையில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள அலகைப் பாருங்கள். ஒரு லிட்டருக்கு மில்லிகிராம் என்று இருக்கிறதா, ஒரு டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்று இருக்கிறதா? வலது ஓரத்தில் இயல்பு வரம்பும் அச்சாகியிருக்கும். அது 5க்குக் கீழ் என்று இருந்தால் லிட்டர் கணக்கு, 0.5க்குக் கீழ் என்று இருந்தால் டெசிலிட்டர் கணக்கு.

கவிதா (பட்டர்வொர்த்)

டெசிலிட்டர்தான் அக்கா. வரம்பு 0.5.

முத்துலெட்சுமி (ஜார்ஜ்டவுன், ஆய்வுக்கூடம்)

அப்படியென்றால் பத்தால் பெருக்குங்கள். பழைய கணக்கில் 129. 208இலிருந்து 129 என்பது நல்ல இறக்கம்தான், ஆனால் அற்புதம் எதுவும் நடக்கவில்லை. 19 மணி நேர அரை ஆயுளை வைத்துப் பார்த்தால் ஒரே நாளில் 208 என்பது 12.9 ஆகவே முடியாது. கல்லீரல் உற்பத்தியை அடியோடு நிறுத்தியிருந்தாலும் 24 மணி நேரத்தில் 85க்குக் கீழே வராது. இப்படி ஒரு சரிவைக் கண்டால் முதலில் அலகைத்தான் சந்தேகப்பட வேண்டும். இது எதிர்த்திசையிலும் நடக்கும். டெசிலிட்டர் அறிக்கையிலிருந்து லிட்டர் அறிக்கைக்குப் போகும் குடும்பங்கள் எண்ணைப் பார்த்து அலறிவிடுகிறார்கள். புரோகால்சிடோனினில் இந்தத் தொல்லை இல்லை. அதன் இரண்டு அலகுகளும் ஒரே எண்ணையே தரும்.

கணேசன் (புக்கிட் மெர்தாஜாம்)

உச்சம் 41, இன்று 7.2. எண்பது விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிட்டது. அந்த அளவு குறைந்தால் ஆன்டிபயாடிக்கை நிறுத்தலாம் என்ற விதி இருக்கிறதே டாக்டர்? நான்காம் நாளே நிறுத்திவிடலாமா?

இளவேனில் (செந்தூல், மருத்துவர்)

விதி இருக்கிறது. உச்சத்திலிருந்து 80 விழுக்காடு குறைந்தாலோ 0.5க்குக் கீழே போனாலோ நிறுத்துவதை யோசிக்கலாம். 41இன் ஐந்தில் ஒரு பங்கு 8.2, அம்மா அதைத் தாண்டிவிட்டார். ஆனால் "நிறுத்துவதை யோசிக்கலாம்" என்பது "நிறுத்து" என்ற கட்டளை அல்ல. இவருக்கு ரத்தத்திலேயே ஈ.கோலை வளர்ந்திருக்கிறது. ரத்தத்தில் பாக்டீரியா கலந்தவர்களுக்கு 7 நாள் சிகிச்சை 14 நாளுக்கு இணையாக இருக்கிறது என்று 2024இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. ஏழு நாளை நான்காகக் குறைக்கலாம் என்று அது சொல்லவில்லை. நானாக இருந்தால் 7 நாள் முடிப்பேன்.

அதே 2024இல் பிரிட்டன் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 2760 பேரிடம் நடந்த ஆய்வில், நாள்தோறும் புரோகால்சிடோனின் பார்த்து முடிவு செய்தவர்களுக்கு ஆன்டிபயாடிக் காலம் சராசரியாக ஒரு நாளுக்குச் சற்றே குறைவாகச் சுருங்கியது, இறப்பும் கூடவில்லை. சி.ஆர்.பி. பார்த்து முடிவு செய்த குழுவில் காலம் சுருங்கவில்லை. ஆக, நிறுத்தும் கேள்வியில் புரோகால்சிடோனினுக்குத்தான் கை ஓங்கியிருக்கிறது. கிடைத்த லாபம் ஒரு நாள்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

முத்துலெட்சுமி (ஜார்ஜ்டவுன், ஆய்வுக்கூடம்)

இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் மாறுபட்ட கருத்து உண்டு டாக்டர். அந்த ஒரு நாளுக்காகத் தினமும் விலை கூடிய சோதனையைச் செய்வது நம் வார்டுகளுக்குப் பொருந்துமா? உச்சம் தெரிந்துவிட்டால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்தாலே வளைவு தெரிந்துவிடும்.

இளவேனில் (செந்தூல், மருத்துவர்)

தீவிர சிகிச்சையில் இருப்பவருக்குத் தினமும் வேண்டும் என்பேன். சாதாரண வார்டுக்கு நீங்கள் சொல்வதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் இரண்டாம் மூன்றாம் நாள் எண்ணைத் தவறவிடக் கூடாது, சிக்கல் அங்கேதான் தெரியும். அம்மாவின் அளவு வியாழனன்று 30க்குப் பக்கத்திலேயே தேங்கி நின்றிருந்தால், மருந்து கேட்கவில்லை, அல்லது மருந்து எட்டாத இடத்தில் ஏதோ இருக்கிறது என்று நினைத்திருப்பேன். சிறுநீர்க் குழாயில் கல் அடைத்திருக்கலாம், சிறுநீரகத்தைச் சுற்றிச் சீழ் கட்டியிருக்கலாம். இனிப்பு நீர் உள்ளவர்களிடம் இரண்டும் அதிகம். அன்றே ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருப்பேன். ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் புரோகால்சிடோனின் வடிவது தாமதமாகும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கவிதா, அம்மாவின் கிரியாட்டினின் எப்படி இருக்கிறது? ஸ்கேன் எடுத்தார்களா?

கவிதா (பட்டர்வொர்த்), சனி காலை

சேர்த்தபோது கிரியாட்டினின் 168, நேற்று 97. அல்ட்ராசவுண்ட் புதன்கிழமையே எடுத்துவிட்டார்கள். கல்லும் இல்லை, சீழும் இல்லை. அடுத்த புரோகால்சிடோனின் திங்கட்கிழமை எடுப்பதாகச் சொல்கிறார்கள், அன்று ஏழாவது நாள். அண்ணன் அறிக்கைகளை வரிசையாக வைத்து, டெசிலிட்டர் எண்ணைப் பத்தால் பெருக்கி ஒரு தாளில் எழுதிக்கொண்டிருக்கிறார்.